தொண்ணூற்றாறு மில்லி

கம்பி ரிங்குக்குக் கொக்கி வரவில்லை என்ற செய்தி சைட் இன்ஜினியர் ஜெனிட்டாவுக்கு நேராக வரவில்லை. அதுதான் அவளுக்கு முதல் கோபம். கம்பி மேஸ்திரி தோமினிக் அவள் நம்பரை விட்டுவிட்டு நேரே காண்ட்ராக்டர் குமரகுருவுக்குப் போன் போட்டிருக்கிறார். குமரகுரு நாமக்கல் ஆபீஸில் கணக்குப் பிள்ளை, டைப் அடிக்கிற பெண், டீ கொண்டுவந்தவர் என்று எல்லார் காதிலும் விழும்படி அவளைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா, ஒரு ரிங்குக்கு அளவு போடத் தெரியாதா உனக்கு? எரநூத்தி நாப்பத்தாறு பீஸ் வெட்டியாச்சு. எல்லாம் குட்டை. மேஸ்திரி சிரிக்கறான். நாலு மாசம் சம்பளம் வாங்கினது இதுக்குத்தானா?"

வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று ஜெனிட்டா பயந்தாள். அழுதால் அதையும் நாளைக்குக் கதையாகச் சொல்வார்கள். லேப்டாப்பைப் பைக்குள் திணித்தாள், ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள், எருமப்பட்டி ரோட்டைப் பிடித்தாள். வழி முழுக்க அந்தக் கணக்கை வாய்க்குள்ளேயே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். எங்கேயும் தப்பு இல்லை. தப்பு இல்லை என்று தெரியத் தெரிய ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது.

எருமப்பட்டியைத் தாண்டி ரெண்டு கிலோமீட்டரில் சின்னண்ணனின் கோழிப்பண்ணை. அதற்கு முன்னால் தீவனக் கிடங்கு எழும்பிக்கொண்டிருந்தது. கீழே மெஷின், மேல்தளத்தில் மக்காச்சோள மூட்டை. அந்த மேல்தளத்தைத் தாங்கப்போகிற ஆறு பீமில் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டிப் பிடிக்கிற ரிங்குக்குத்தான் இந்தச் சண்டை. புதன்கிழமை காங்கிரீட் என்று சின்னண்ணன் நாள் குறித்துவிட்டார். ரெண்டு கிடாவுக்குச் சொல்லிவைத்து, சொந்தபந்தத்தையும் கூப்பிட்டாகிவிட்டது. இன்று சனிக்கிழமை.

கம்பி வேலை நடக்கிற தகரக் கொட்டகையில் தோமினிக் ஒரு மரப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பலகையில் அடித்த ஆணிகளுக்கு நடுவே கம்பியைக் கொடுத்து, வளைக்கிற சாவியால் ஒரு இழுப்பு. எட்டு எம்எம் கம்பி சோளத்தட்டு மாதிரி மடங்கியது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. சேலத்தில் ஜெனிட்டா வீட்டார் போகிற அதே மாதா கோயிலுக்குத்தான் அவரும் போவார். கோயிலில் 'பாப்பா' என்பார். இங்கே 'மேடம்'. அந்த மேடத்தில் எப்போதும் ஒரு சின்னக் கிண்டல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"வாங்க மேடம். உங்க ரிங்கைப் பாருங்க." ஒன்றை எடுத்து அவள் முன்னால் போட்டார். "மொதப் பீஸ்ல ஒரு பக்கம் கொக்கி வச்சேன், மறுபக்கம் கொக்கியே இல்ல. மூக்கறுந்த மாதிரி நிக்குது. அப்புறம் ரெண்டு பக்கமும் சரிபாதியாப் பிரிச்சு விட்டேன். எழுவது பீஸ் அப்படி வளைச்சாச்சு."

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"கணக்குத் தப்புன்னா மொதலாளிகிட்டதானே சொல்லணும்? உங்ககிட்ட சொன்னா, 'இல்ல, நான் கரெக்ட்டாத்தான் போட்டேன்'னு சொல்லுவீங்க."

"கரெக்ட்டாத்தான் போட்டேன்."

"பாத்தீங்களா!" தோமினிக் பக்கத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள்.

ஜெனிட்டா ரிங்கை எடுத்துப் பார்த்தாள். நாலு பக்கமும் சரியாக இருந்தது. வெளி அளவு நூற்று எண்பதுக்கு நானூறு. பீம் இருநூற்று முப்பதுக்கு நானூற்று ஐம்பது. சுற்றிலும் கம்பியை மூடுகிற காங்கிரீட்டுக்கு இருபத்தைந்து மில்லி கவர் விட்டால் அதுதான் வரும். ஆனால் மூலையில் ரெண்டு முனையும் சேருகிற இடத்தில், உள்ளே சாய்ந்து காங்கிரீட்டுக்குள் நீளமாகக் குத்தி நிற்க வேண்டிய கொக்கிகள் வெட்டிய நகம் மாதிரி இருந்தன. மூலைக் கம்பியைச் சுற்றி வந்து அதைத் தாண்டக்கூட இல்லை.

பையிலிருந்து பி.பி.எஸ் தாளை எடுத்துப் பலகையின் மேல் விரித்தாள். எந்தக் கம்பி, என்ன வடிவம், எத்தனை, எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்று வரிசை வரிசையாக அவள் போட்ட பட்டியல்.

"இங்க பாருங்க. நூத்தி எம்பதும் நானூறும் சேந்தா ஐநூத்தி எம்பது. ரெண்டு மடங்கு, ஆயிரத்து நூத்தி அறுவது. கொக்கி ஒண்ணுக்குக் கம்பி கனத்துல பத்து மடங்கு, எம்பது. ரெண்டு கொக்கிக்கு நூத்தி அறுவது. மொத்தம் ஆயிரத்து முந்நூத்தி இருவது. அதுல மடிப்புக்குக் கழிக்கணும். நேர் மடிப்பு மூணு, ஒண்ணுக்கு ரெண்டு மடங்கு கனம், பதினாறு. மூணு பதினாறு நாப்பத்தெட்டு. கொக்கி மடிப்பு ரெண்டு, ஒண்ணுக்கு மூணு மடங்கு, இருவத்தி நாலு. ரெண்டு இருவத்தி நாலு நாப்பத்தெட்டு. ஆயிரத்து எரநூத்தி இருவத்தி நாலு. இதுல எங்க தப்பு?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது மேடம். நீங்க எழுதின அளவுக்குத்தான் வெட்டினேன். கொக்கி வரல. தப்பு எங்கன்னு நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் எழுதின அளவுக்கா?"

"மாதா சத்தியமா."

ஜெனிட்டா எழுந்தாள். கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில், இன்னும் வளைக்காத துண்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வெயிலில் கை வைக்க முடியாமல் சுட்டன. ஒன்றை உருவி டேப்பை இழுத்தாள். ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு. இன்னொன்று. ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு. வேறொரு கட்டிலிருந்து ஒன்று. அதே.

பன்னிரண்டு மீட்டர் கம்பி ஒன்றில் அவள் அளவுக்கு ஒன்பது துண்டுதான் வரும். இந்த அளவுக்குப் பத்து வரும். இருநூற்று நாற்பத்தாறு ரிங்குக்கு இருபத்தெட்டு கம்பி வேண்டிய இடத்தில் இருபத்தைந்து போதும். மூன்று கம்பி மிச்சம். மூன்று கம்பிக்காக இவர்கள் ரிங்கைக் குட்டையாக்கிவிட்டு, பழியைத் தன் தாளின் மேல் போடுகிறார்கள். காலையில் ஆபீஸில் நின்றபடி வாங்கிய திட்டெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது.

துண்டை எடுத்துக்கொண்டு வந்து தோமினிக் காலடியில் வீசினாள். கம்பி கணீரென்று விழுந்து உருண்டது.

"மாதா சத்தியம்னு சொன்னீங்க இல்ல? டேப் பிடிங்க. நீங்களே பிடிங்க. இது எத்தனை?"

அவர் டேப்பைத் தொடவில்லை. "ஆயிரத்து நூத்தி இருவத்தெட்டு."

"தெரிஞ்சேதான் வெட்டியிருக்கீங்க! மூணு கம்பி மிச்சம் பிடிக்கச் சொன்னது யாரு, குமரகுரு சாரா? இல்ல உங்க சொந்த வியாபாரமா?"

கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தோமினிக் சாவியைக் கீழே வைத்துவிட்டு மெல்ல எழுந்தார். இதுவரை இருந்த கிண்டல் முகத்தில் இல்லை.

"ஏ பாப்பா. வாயை அளந்து பேசு. உங்கப்பன் கோயில்ல பக்கத்துல உக்காரற ஆளு நானு. ஒரு துண்டுக் கம்பி என் வீட்டுக்குப் போனதில்ல. இருவத்தியேழு வருசமா ரிங் வளைக்கிறேன், என்னைத் திருடன்னு சொன்னது நீதான் மொத ஆளு."

"அப்ப தொண்ணூத்தாறு மில்லி எங்க போச்சு?"

"எங்கயும் போகல. கம்பி மடிச்சா நீளும். அதைக் கழிச்சுத்தான் வெட்டணும். ரிங்குன்னா தொண்ணூத்தாறு கழிக்கணும், எட்டு எம்எம்க்கு. இது கூடத் தெரியாம என்ன படிச்சே? சென்னிமலை சார் இருந்தப்பவும் இப்படித்தான். தூண் ரிங் பூரா இப்படித்தான் வெட்டினேன். ஒரு ரிங் தப்பாச்சா? நீயே போய்த் தூணைப் பாரு."

சொல்லிக்கொண்டே அவர் கொட்டகை மூலையில் தொங்கிய பிளாஸ்டிக் பையைப் பிடுங்கி, அதிலிருந்த தாள்களைப் பலகையில் கொட்டினார். மேலே கிடந்தது பழைய தாள். அவளுக்கு முன்னால் இருந்த இன்ஜினியர் சென்னிமலை தூண்களுக்குப் போட்ட பி.பி.எஸ். தூண் ரிங், முந்நூறுக்கு நானூற்று ஐம்பது தூண், நீளம் 1340. அந்த 1340க்குப் பக்கத்தில் தோமினிக்கின் தடித்த பென்சிலில் 1244. கீழே கிடந்தது அவளுடைய தாளின் நகல். அவள் எழுதியது 1224. பக்கத்தில் அதே பென்சில், அதே கையெழுத்து, 1128.

ஜெனிட்டா ரெண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

தூணுக்கு நாற்பது மில்லி கவர். இருநூற்று இருபதும் முந்நூற்று எழுபதும் ஐந்நூற்றுத் தொண்ணூறு, ரெண்டு மடங்கு ஆயிரத்து நூற்று எண்பது. கொக்கிக்கு நூற்று அறுபது. மொத்தம் ஆயிரத்து முந்நூற்று நாற்பது. அங்கேயே சென்னிமலை நின்றுவிட்டார். கழிக்கவே இல்லை. கழிப்பது மேஸ்திரியின் வேலை என்று விட்டுவிட்டார். தோமினிக் கழித்தார், தூண் ரிங் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி வந்தது. அவளோ கழித்துவிட்டுக் கொடுத்தாள். தோமினிக் அதிலும் கழித்தார். அரிசி கொடுத்தால் களைந்துவிட்டுத்தான் உலையில் போடுவார்கள், களைந்தேன் என்று யாரிடமும் சொல்ல மாட்டார்கள். அந்த மாதிரி. 'நீங்க எழுதின அளவுக்குத்தான் வெட்டினேன்' என்று அவர் சொன்னது அவரளவில் பொய்யே இல்லை.

கோபம் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போகவில்லை. போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றியது. நாலு மாதமாக இந்தப் பழைய தாள் இங்கேதான் தொங்கியிருக்கிறது. ஒருநாள் கூட அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

"கழிச்சு எழுதினதுலேர்ந்து மறுபடி கழிச்சிருக்கீங்க," என்றாள். "ரெண்டு தடவை."

தோமினிக் குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். உதடு அசைந்து கணக்குப் போட்டது. பிறகு நிமிர்ந்தார்.

"கழிச்சேன்னு எங்க எழுதியிருக்கே?"

தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை. 'நீளம்' என்று மட்டும் தலைப்பு. அவள் தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தாள்.

"கொக்கி வரலன்னு தெரிஞ்சதும் ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா நீ திருடன்னு சொல்றே."

அவளுக்குத் திடீரென்று வேறொன்று நினைவுக்கு வந்தது. "மெயின் கம்பி? பதினாறு எம்எம் வெட்டியாச்சா?"

அந்தக் கம்பி ரெண்டு முனையிலும் மடங்கித் தூணுக்குள் இறங்குவது. மடிப்புக்கு முப்பத்திரண்டு வீதம் அறுபத்து நாலு அவள் ஏற்கெனவே கழித்திருந்தாள். அதிலும் இன்னொரு அறுபத்து நாலு போயிருந்தால் ஆறு பீமும் அவ்வளவுதான்.

"மத்தியானம் வெட்டறதா இருந்தேன்," என்றார் தோமினிக். அவருக்கும் வியர்த்திருந்தது.

அந்த நேரத்தில்தான் குமரகுருவின் கார் வந்து நின்றது. பின்னாலேயே பண்ணைப் பக்கமிருந்து சின்னண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியபடி நடந்து வந்தார். குமரகுரு இறங்கும்போதே ஜெனிட்டாவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இப்ப எதையும் பெரிசு பண்ணாதே. கொக்கி கொஞ்சம் சின்னதா இருந்தா என்ன? கட்டுக்கம்பி ரெண்டு முறுக்கு சேத்துப் போட்டா நிக்கும். புதன்கெழம காங்கிரீட். நீ செக் பண்ணின நோட்டுல கையெழுத்துப் போட்டுரு, தப்பு பண்ணினதையும் நான் மறந்தர்றேன்."

"போட மாட்டேன் சார்."

"நீ போடலைன்னா போடறதுக்கு வேற ஆளு இருக்கு. திங்கக்கெழம புது இன்ஜினியர் வருவான்."

"ஏனுங்க, என்ன பிரச்சன?" சின்னண்ணன் வந்துவிட்டார். "மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி இருக்குதே?"

"ஒண்ணுமில்லீங்க," குமரகுரு சிரித்தார். "நம்ம பொண்ணு ரிங்குல அளவு கொஞ்சம் தப்பாப் போட்டுருச்சு. சின்னப் பொண்ணு, புதுசு. நாங்க சரி பண்ணிக்கிறோம்ங்க."

சின்னப் பொண்ணு. அந்த வார்த்தைதான் கடைசி. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் இங்க வாங்க." கொட்டகைக்குள் நடந்தாள். தூண் வேலையில் மிஞ்சிய பழைய ரிங் ஒன்று தகரத்தில் மாட்டியிருந்தது. அதை ஒரு கையில் எடுத்தாள், இன்று வளைத்த ரிங்கை இன்னொரு கையில் எடுத்தாள். பன்னிரண்டு எம்எம் கம்பி ஒன்றை ரெண்டின் மூலையிலும் நுழைத்துக் காட்டினாள். "இது சரியான கொக்கி. கம்பியைச் சுத்தி வந்து உள்ள எவ்வளவு தூரம் போகுது பாருங்க. காங்கிரீட் இந்த வாலைப் பிடிச்சுக்கும். இது இன்னைக்குப் பண்ணினது. வாலே இல்ல. மேல மூட்டை அடுக்கி, பீம் வெடிப்பு விட ஆரம்பிச்சா, கட்டிப்பிடிச்சு நிக்க வேண்டிய ரிங் இந்த மூலையில வாயைத் தொறந்துக்கும்."

சின்னண்ணன் ரெண்டையும் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "இது யாரு தப்பு?"

குமரகுரு, "அதான் சொன்னேனுங்களே..." என்று ஆரம்பித்தார்.

"என் தாள்ல கணக்குத் தப்பில்ல," என்றாள் ஜெனிட்டா. "மடிப்புக்குக் கழிச்சு எழுதினேன். கழிச்சாச்சுன்னு எழுதல. இங்க மேஸ்திரி கழிக்கிறதுதான் வழக்கம், அதை நான் கேக்கல. அவர் மறுபடி கழிச்சிட்டார். கொக்கி வரலன்னு தெரிஞ்சும் எழுவது வளைச்சது அவரு தப்பு. இதையே கட்டிக் காங்கிரீட் போடலாம்னா, அது இவரு தப்பு." அவள் கை குமரகுருவை நேராகக் காட்டியது. "நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற யாராவது போட்டா, உங்களுக்குத் தெரிஞ்சே போடட்டும்."

குமரகுருவின் முகம் கறுத்தது. "ஏனுங்கண்ணா, இந்தப் புள்ளை பேச்சைக் கேட்டுட்டு..."

"இருங்க." சின்னண்ணன் குட்டை ரிங்கை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். "மேல ஏறப்போறது என்ற மூட்டை. அடியில நின்னு அரைக்கப்போறது என்ற ஆளுங்க. நீங்க நாமக்கல்லு ஊட்டுல ஏசி போட்டுப் படுத்துக்குவீங்க. கட்டுக்கம்பி முறுக்கினா நிக்குமா? நிக்குமான்னு கேக்கறேன், சொல்லுங்க!"

குமரகுரு காரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊரெல்லாம் கூப்ட்டாச்சு. கெடா ரெண்டு கட்டிக் கெடக்குது," சின்னண்ணன் தனக்குள்ளேயே முனகினார். அவருக்கும் கோபம்தான். அந்தக் கோபம் ஜெனிட்டாவையும் விடவில்லை. "ஏம்மிணி, இத்தனை படிச்சுப் போட்டு, கழிச்சாச்சுன்னு ரெண்டு எழுத்து எழுதறதுக்குப் பேனாவுல மசி இல்லாமப் போச்சா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "புதன்கெழம சோத்தைப் போட்டுர்றேன். காங்கிரீட்டு எப்ப ரெடியோ அப்ப. வாரேன்." கையிலிருந்த ரிங்கை மண்ணில் எறிந்துவிட்டுப் பண்ணைப் பக்கம் நடந்தார்.

குமரகுரு அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினார். பிறகு காருக்குத் திரும்பினார். கதவைச் சாத்துவதற்கு முன், "திங்கக்கெழம ஆபீஸுக்கு வா, பேசிக்கலாம்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

கார் போன பிறகு ஜெனிட்டா குத்தவைத்து உட்கார்ந்து தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். வளைக்காமல் இருந்தது நூற்று எழுபத்தாறு துண்டு. கூரைக்கு வருகிற பீம் இருநூற்று முப்பதுக்கு நானூறு. அதன் ரிங்குக்கு வெட்ட வேண்டிய நீளம் ஆயிரத்து நூற்று இருபத்து நாலு. நாலு மில்லி கூடுதல், பரவாயில்லை.

"வளைக்காததைக் கட்டி ஓரமா வைங்க. கூரை பீமுக்கு ஆகும். வளைச்சதை ஒண்ணும் பண்ண முடியாது. நிமுத்தி மறுபடி வளைச்சா மடிப்புல வெடிச்சிரும்."

தோமினிக் தார்ப்பாயை விலக்கிக் கட்டுகளை ஓரமாக இழுத்தார்.

எழுபது ரிங்கும் கொட்டகை ஓரத்தில் குவிந்து கிடந்தன. அவை முழுசாக இருக்கிற வரைக்கும், திங்கட்கிழமை வருகிற யாரோ ஒருவன் அவற்றை எடுத்துக் கட்டிவிடுவான். ஜெனிட்டா எழுந்து, வெட்டுகிற மெஷினின் சுவிட்சைப் போட்டாள். ஒரு ரிங்கை எடுத்துப் பிளேடுக்கு நடுவே நீட்டினாள். மெஷின் கடித்தது. ரெண்டு துண்டாக விழுந்தது. இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவது நழுவி அவள் செருப்பின் மேல் விழுந்தது.

"தள்ளு."

தோமினிக் பக்கத்தில் நின்றார். "விரலு போயிரும். தள்ளு. என் கையால வளைச்சது, நான் வெட்டறேன்."

அவர் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அரைநாள் உழைப்பு காலடியில் குப்பையாக விழுந்துகொண்டிருந்தது. அவள் போய்விடவில்லை. எண்ணிக்கொண்டு நின்றாள். எழுபதும் முடிந்ததும் சுவிட்சை அணைத்தாள்.

"திருடன்னு சொன்னது தப்பு," என்றாள்.

"தப்புதான்."

ஜெனிட்டா அவளுடைய தாளின் தலையில், சிவப்புப் பேனாவில், பெரிய எழுத்தில் எழுதினாள்: மடிப்புக் கழிவு கழித்தாகிவிட்டது. இதுதான் வெட்டும் நீளம். மேற்கொண்டு கழிக்க வேண்டாம். பக்கத்திலிருந்த பென்சில் 1128ஐ அழுத்தி அடித்தாள். தாள் கிழிந்தது.

தோமினிக் புதுக் கம்பி ஒன்றை இழுத்துவந்து டேப் பிடித்தார். ஆயிரத்து இருநூற்று இருபத்து நாலில் சாக்பீஸ் கோடு போட்டார். கை வழக்கம்போல் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. நின்றது. மறுபடி அந்தக் கோட்டுக்கே வந்தது. வெட்டி, பலகையில் வைத்து, ஐந்து இழுப்பில் வளைத்து, அவள் காலடியில் எறிந்தார்.

அவள் எடுத்து அளந்தாள். நூற்று எண்பது, நானூறு. ரெண்டு கொக்கியும் ஒரே நீளத்தில், மூலையிலிருந்து உள்ளே சாய்ந்து நின்றன.

"சரியா இருக்கு," என்றாள்.

"சரியாத்தான் இருக்கும்," என்றார் தோமினிக், அவளைப் பார்க்காமல். அடுத்த கம்பியை இழுத்தார்.